ரயிலடிக் காட்சியில் ஒரு வயலின்

தன் குரலை யாரோ நசுக்குகிறார்கள் என்று டீச்சருக்குத் தோன்றிவிட்டது. யாரோ என்ன யாரோ, தம்பி பெண்டாட்டிதான். வேறு யாருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் கைவைக்க உரிமை இருக்கிறது?

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. தொண்டையில் முடிச்சு விழுந்து, அதற்கு வைத்தியம் பார்த்து, குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபிறகு வேலையை விட்டுவிட்டவர். விட்ட கையோடு, தம்பி எழுதும் ஒலி நாடகத்தில் அம்மா வேஷத்துக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். ஓய்வு கொடுப்பதில் இது ஒரு வகை போலிருக்கிறது. தம்பி இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுவான், மகன் வேஷத்தில் பேசவும் செய்வான். மாடியில் துணி பீரோவைச் சுற்றிக் கம்பளி தொங்கவிட்ட மூலைதான் ஒலிப்பதிவுக் கூடம். பதிந்ததை வெட்டி ஒட்டி, பின்னணி இசையும் சத்தங்களும் சேர்த்து, ஆடாசிட்டி என்கிற மென்பொருளில் அளவு பார்த்து முடிப்பதெல்லாம் தம்பி பெண்டாட்டி. எந்நேரமும் தலையில் ஒரு பெரிய ஹெட்போன். கூப்பிட்டால் காது கேட்காது. டீச்சர் மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயரே ஹெட்போன்தான்.

நாடகம் இணையத்தில் வாராவாரம் போய்க்கொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லாம் அம்மா குரல் தெளிவாக இருக்கிறது, ஒரு வார்த்தை சிந்தவில்லை என்று எழுதினார்கள். டீச்சர் அதையெல்லாம் திரும்பத் திரும்பப் படிப்பார். வகுப்பறை போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், அதை ஊர் பாராட்டினால் யாருக்குத்தான் கசக்கும்? இப்போது உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று கடைசிப் பகுதியை அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் முழுத் தொடரையும் ஒலிபரப்புவார்களாம். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

சந்தேகம் ஒரே நாளில் முளைக்கவில்லை. முதலில் வயலின்.

கடைசிக் காட்சி ரயிலடியில் நடக்கிறது. அப்பா தங்களை அம்போ என்று விட்டுவிட்டு ஓடிப்போனார் என்று மகன் தொடர் முழுக்க அவரை வெறுத்துக்கொண்டே வருகிறான். ரயில் ஏறும் நேரத்தில் அம்மா உண்மையைச் சொல்கிறாள்: "அவர் நம்மள விட்டுட்டுப் போகல. போகச் சொன்னது நான்தான்." கதை மொத்தமும் தொங்குவது இந்த ஒரு இடத்தில். இதற்கென்று டீச்சர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற இசைகளைத் தேடித் தேடி, அழுதுகொண்டே ஏறும் ஒரு வயலினைப் பிடித்துக் கொடுத்தார். கூடவே எஞ்சின் சத்தம், ஊதல், ஜனக்கூட்டம், காக்கை, டீ கிளாஸ் உருளுவது என்று ஒரு மூட்டை. ஹெட்போன் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் கேட்டால் வயலினைக் காணோம், காக்கையைக் காணோம். அடியில் ஏதோ ஒரு வாத்தியத்தின் முனகல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, வயலின் எங்க?"

"அது உங்க குரல் நிக்கிற எடத்துலயே வந்து நிக்குது அண்ணி. ரெண்டும் மோதிக்குது. இது கீழ்க்கட்டையில ஓடுறதால வழிவிடும்."

"ரயிலடின்னா கூட்டம் வேணாமா? நாங்க ரெண்டு பேர் மட்டும் டிக்கெட் எடுத்துட்டு நிக்கிறோமா?"

"கூட்டம் ஆரம்பத்துல இருக்கு. நீங்க பேசத் தொடங்குனதும் கொறைச்சுட்டேன். கூட்டச் சத்தம்னா அதுவும் மனுஷக் குரல்தானே அண்ணி, வார்த்தைய தின்னுடும்."

பதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தால்தான் டீச்சருக்குச் சந்தேகம் வரும். முப்பது பிள்ளைகளை வைத்து மேய்த்தவருக்குத் தயாராக வரும் பதிலின் வாசனை தெரியும்.

அப்புறம் அந்த நீலக்கோடு. ஒருநாள் டீ கொண்டுபோய் வைக்கும்போது திரை கண்ணில் பட்டது. தடங்களுக்கு ஹெட்போன் பெயர் வைத்திருந்தாள். புருஷனுடையது 'அவர்', டீச்சருடையது 'அண்ணி'. 'அவர்' தடத்தின் ஓரத்தில் கோடு நேராக ஓடியது. 'அண்ணி' தடத்தில் மட்டும் கோடு இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஊடே புள்ளி புள்ளியாக. கோடு உள்ளே வாங்கிய இடத்தில் எல்லாம் குரலின் அலை நசுங்கிக் கிடந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தையும் கழுத்தைப் பிடித்து அமுக்கின மாதிரி.

"இது என்னது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா லெவல் பாத்தேன்." சொல்லிக்கொண்டே அந்தச் சன்னலைச் சுருக்கிவிட்டாள்.

ஒன்றுமில்லாததை எதற்கு மறைக்க வேண்டும்?

அன்று மாடிப்படியில் இறங்கும்போது தம்பி குரல் கேட்டது. "அக்காகிட்ட சொல்லித் தொலைச்சிடாத." "நான் ஏன் சொல்றேன்," என்றாள் அவள். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வீட்டில், தன் முதுகுக்குப் பின்னால், கூடப் பிறந்தவனும் சேர்ந்து.

எல்லாவற்றுக்கும் மேலே தெருமுனைத் தையல் கடை. ஹெட்போன் அங்கே போய் அடிக்கடி உட்காருகிறாள் என்று தெரியும், துணி தைக்கக் கொடுத்ததாகத்தான் தெரியவில்லை. எதேச்சையாக அந்தப் பக்கம் போன டீச்சர் கண்ணால் பார்த்தார். மெஷின்மேல் செல்போன், அதிலிருந்து கரகரவென்று டீச்சரின் குரல். தையல்காரம்மா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஆனாலும் குடை உதவியது.

இன்று காலையில் தம்பியும் அவளும் அவள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். "ஃபைல் ரெடியா இருக்குக்கா. வந்ததும் அனுப்பிடுவேன்," என்றான் தம்பி. டீச்சர் கேட்டைச் சாத்தினார். வேலைகளை ஒதுக்கினார். மாடிச் சாவி ஆணியில் தொங்கியது.

திருட்டுத்தனம் இல்லை, மேற்பார்வை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியேறினார். ஆடாசிட்டி ஒன்றும் அவருக்குப் புது மிருகம் இல்லை. ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். நீலக்கோட்டை வளைக்கும் கருவி எங்கே இருக்கிறது, அந்தப் புள்ளிகளைப் பிடித்துத் தடத்துக்கு வெளியே இழுத்துவிட்டால் அவை ஒழிந்துபோகும் என்பதெல்லாம் அத்துப்படி.

ரயிலடிக் காட்சியைத் திறந்தார். ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து வெளியே இழுத்தார், தலையில் பேன் எடுப்பதுபோல. கோடு நேரானது. நசுங்கிக் கிடந்த அலைகள் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தன. பார், பார், எப்படி அமுக்கி வைத்திருந்தாள் என்று டீச்சருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண் அலையின் உயரத்தைத்தான் பார்த்தது, அது எப்படி முடிகிறது என்று பார்க்கவில்லை.

ஓடவிட்டார். உடனே மேலே இருந்த அளவுமானி சிவப்பில் போய் இடித்தது. தடத்தின் இடது பக்கத்தில் 'அண்ணி'யின் ஒலி அளவைத் தாராளமாக ஏற்றி வைத்திருந்தாள் ஹெட்போன். ஒரு பக்கம் அமுக்குவது, இன்னொரு பக்கம் தூக்குவது, இதென்ன விளையாட்டு? டீச்சர் தன் கையாலேயே அந்த அளவைப் பழைய பூஜ்யத்துக்கு இறக்கினார். சிவப்பு மறைந்தது. முனகல் தடத்தை மூடித் தூக்கி எறிந்தார். வயலினைக் கொண்டுவந்து இறக்கினார், கூட்டத்தைக் காட்சி முடிகிற வரைக்கும் நீட்டினார். காக்கையை மட்டும் விட்டுவிட்டார். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு.

அவளுடைய ஹெட்போனையே மாட்டிக்கொண்டு கேட்டார். வயலின் அழுதது. ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக விழுந்தது. "போகச் சொன்னது நான்தான்." அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டார். சேமித்தார். அதே பெயரில், அதே இடத்தில், பழைய ஃபைலின்மேல் புதியதை ஏற்றுமதி செய்தார். ஒரு பிரதியைத் தன் செல்போனுக்கும் அனுப்பிக்கொண்டு, மென்பொருளை மூடினார். மூடிவிட்டால் பின்னால் போகிற வழியும் மூடிக்கொள்ளும் என்று வீடியோவில் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தால் என்ன, பின்னால் போக யாருக்கு வேண்டும்?

வேலை முடிந்த தெம்பில் ஒரு கணக்கு மட்டும் பாக்கி நின்றது. அந்தத் தையல் கடைச் சிரிப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே ஸ்டூலைக் காட்டினாள். டீச்சர் உட்கார்ந்து, இந்தத் தெரு, அந்தத் துணி என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தம்பி வீட்ல இங்க வந்து என்ன பேசிட்டிருக்கா?"

"என்னத்த பேசுறாங்க. நாடகத்தப் போட்டுவிட்டு உக்காந்துக்குவாங்க. நான் பாட்டுக்கு மெஷின ஓட்டுவேன். அங்கங்க நிறுத்தி, இப்ப என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. புரிஞ்சா சொல்லுவேன், புரியலன்னா புரியலன்னுவேன். புரியாத எடத்தக் குறிச்சுட்டுப் போய், சரிபண்ணி மறுபடி கொண்டாருவாங்க. கடைசிக் காட்சி மட்டும் இன்னும் கொண்டாரல."

"அதுக்கு உன்கிட்ட ஏன்?"

"எனக்குக் கத தெரியாதுல்ல. கதய முன்னாடி சொல்லவே மாட்டாங்க. தெரிஞ்ச காது கேக்காததையும் தானா நெரப்பிக்குமாம். அவங்களே கேட்டாக்கூட நம்ப மாட்டாங்களாம்."

"அன்னிக்கு என்னவோ சிரிச்சீங்களே ரெண்டு பேரும்."

"ஐயோ, அதப் பாத்தீங்களா. அந்த அம்மா பேசுனதக் கேட்டு அழுதுட்டே தச்சதுல ஒரு ஜாக்கெட் கைய உள்பக்கம் வெளிய வச்சுத் தச்சுட்டேன். அதுக்குத்தான் சிரிச்சோம்."

அந்த அம்மா யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் இதைக் கொஞ்சம் கசப்போடும் கொஞ்சம் பெருமையோடும் விழுங்கினார். பேச்சு ஜோடனையா நிஜமா என்று இன்னும் பிடிபடவில்லை. நிஜமாகவே இருக்கட்டும், அப்படியானால் என் ஃபைல் தேறட்டும் பார்க்கலாம். செல்போனை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"இதக் கேளு. நீ கேக்காத கடைசிக் காட்சி. மெஷின நிறுத்தாத."

மெஷின் ஓடியது. செல்போனின் சின்ன வாயிலிருந்து வயலின் புறப்பட்டது, கூட்டம் கசகசத்தது. டீச்சர் தையல்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்த்த பழக்கம் அது. ஆனால் இன்று பரீட்சை யாருக்கு என்பது அவருக்கே அவ்வளவு தெளிவாக இல்லை.

காட்சி முடிந்தது.

"மியூசிக் நல்லாருக்கு டீச்சர்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவர் நம்மள விட்டுட்டுன்னாங்க. அப்புறம் என்னமோ. போகச் சொன்னதுன்னு வந்துச்சு. யாரு போகச் சொன்னா?"

"அதான் சொல்றாங்களே. மறுபடி கேளு."

மறுபடி கேட்டாள். இந்தத் தடவை துணியிலிருந்து கண்ணை எடுத்து, தலையைச் சாய்த்து, முழு மனசோடு கேட்டாள்.

"யாருன்னு விழல டீச்சர்," என்றாள், ஏதோ தன்மேல் தப்பு என்பதுபோல.

டீச்சர் செல்போனை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு எப்படி நடந்தார் என்று அவருக்குத் தெரியாது. மாடிக்கு ஏறி, ஆடாசிட்டியைத் திறந்து, 'அண்ணி' தடத்தில் இருந்த 'சோலோ' பொத்தானை அழுத்தினார். வயலின் ஒழிந்தது, கூட்டம் ஒழிந்தது. வெறும் குரல். கண்ணை மூடிக்கொண்டு, இவள் யாரோ, இந்தக் கதை எனக்குத் தெரியாது என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

தொடங்கும்போது பழைய வகுப்பறைக் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். பாதி வாக்கியத்தில் காற்று குறைகிறது. முடியும்போது சொல் இல்லை, சொல்லின் மூச்சு மட்டும் இருக்கிறது. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். ஒவ்வொரு அலையும் முன்னால் பருத்து, பின்னால் எலி வால்போல் சன்னமாக முடிந்தது. ஒன்றல்ல, எல்லா வாக்கியமும்.

அந்த நீலப் புள்ளிகளின் அர்த்தம் இப்போதுதான் பிடிபட்டது. தொடக்கத்தைத் தணித்து, மொத்தத்தையும் தூக்கி, வாலைத் தலைக்குச் சமமாகக் கொண்டுவந்திருக்கிறாள். வாரக்கணக்காக, வாக்கியம் வாக்கியமாக. ஊர் பாராட்டிய தெளிவு அவள் கைவேலை. டீச்சரை அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட, தன் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று தன்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது வலித்தது. கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். பின்னால் போவதற்கு எதுவும் இல்லை.

கேட் சத்தம் கேட்டது. தம்பியும் அவளும் பேசிக்கொண்டே மேலே வந்தார்கள். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஓடவிட்டுக் கேட்டாள். வயலின் வந்தது.

தம்பிதான் வாயைத் திறந்தான். "இத யாரு மாத்தினது?"

டீச்சர் எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பதில் சொல்லும் இடத்தில் நின்றதில்லை.

"மாத்தினது நான்தான்," என்றார். கடைசிச் சொல்லில் குரல் வழக்கம்போல் காணாமல் போயிற்று. இந்தத் தடவை அது அவருக்கே கேட்டது.

"நீ அமுக்குறேன்னு நெனச்சேன்மா," என்றார் அவளிடம். "நீ என்னைத் தூக்கிட்டு இருந்திருக்க. ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயம் அண்ணி."

நிறுத்தித்தான் இருப்பார். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்காமல், மறுநாளிலிருந்து வாயையே திறக்காமல்.

"போச்சா எல்லாம்?" என்றான் தம்பி.

"நேத்து வரைக்கும் பென் டிரைவ்ல இருக்கு. இந்த ஒரு சீனுக்கு இன்னிக்குக் காலையிலதான் புள்ளி வச்சேன், அத மட்டும் மறுபடி செய்யணும். புள்ளி வச்சு ஏத்திடலாம்," என்றவள் நிறுத்தி, டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள். "அண்ணி, இப்ப 'நான்தான்'னு சொன்னீங்களே, அத மைக்ல அப்படியே சொல்லுவீங்களா?"

"அது கேக்கவே இல்லையேம்மா."

"எனக்குக் கேட்டுச்சு. இங்க வேற சத்தம் எதுவும் இல்லல்ல."

டீச்சர் கம்பளிக்குள் போய் நின்றார். நாடகத்தனமாக ஏற்றி இறக்காமல், சற்று முன் சொன்னதுபோலவே சொன்னார். பிறகு வெளியே வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தன் கையாலேயே வயலின் தடத்தை மூடினார். மற்ற வாக்கியங்களின் வாலை அவள் ஒவ்வொன்றாக உயர்த்தும்போது கண்ணை எடுக்காமல் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்தார்.

"இத ஏத்தாத. அது விழுற மாதிரியே விழட்டும். மத்ததயெல்லாம் கொறை."

கூட்டத்தை முன்பே தேய்த்து முடித்தாள். முனகலைத் திரும்பக் கொண்டுவந்து அந்த வரிக்குமுன் மெல்ல இறக்கி நிறுத்தினாள். முழுக்க நிசப்தமானால் ஒலிபரப்பு அறுந்துபோனது போல இருக்கும் என்று, அறையின் வெறும் காற்றுச் சத்தத்தை மட்டும் அடியில் ஒரு இழை விட்டாள். ரயில் ஊதுவதை வரி முடிந்த பிறகு தள்ளி வைத்தாள்.

"அனுப்பிடவா?" என்றான் தம்பி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இருடா," என்றார் டீச்சர். "தையல் கடைக்குப் போயிட்டு வந்துடுறோம்."

இரண்டு பேரும் தெருவில் வேகமாக நடந்தார்கள். தையல்காரம்மா ஒரு நீளத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் செல்போனை மெஷின்மேல் வைத்தார். நிறுத்தாதே என்று இந்தத் தடவை சொல்ல மறந்துவிட்டார்.

கூட்டம் கேட்டது, தேய்ந்தது. "அவர் நம்மள விட்டுட்டுப் போகல." மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முனகல் இறங்கியது. "போகச் சொன்னது..."

தையல்காரம்மா தானாகவே பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. கடை முழுக்க அமைதியாக இருந்த அந்த நொடியில், எவ்வளவு சன்னமாக முடியுமோ அவ்வளவு சன்னமாக, டீச்சரின் குரல் தன் சொல்லைச் சொல்லி முடித்தது.

தையல்காரம்மா நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள். மறுபடி டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள்.